எல்லாம் கனவா, இல்லை முடிவே இல்லையா? தொடர்களின் கடைசிக் காட்சி சண்டையாகும் கதை

வருடக்கணக்கில் ஒரு தொடரைப் பின்தொடர்ந்தவர்கள் கடைசி எபிசோடு முடிந்ததும் கொதித்துப்போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, "இத்தனை நாள் பார்த்தது எல்லாம் கனவா?" என்பது. இன்னொன்று, "அப்புறம் என்ன ஆச்சு என்று சொல்லாமலே முடித்துவிட்டார்களே" என்பது. பேச்சில் இரண்டையும் சேர்த்து ஏமாற்று முடிவு என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு. கனவு முடிவு நடந்து முடிந்த கதையில் கை வைக்கிறது. திறந்த முடிவு இனி நடக்கப்போகும் கதையை நம்மிடமிருந்து மறைக்கிறது. முதலாவதில் நம்மிடம் இருந்தது பறிபோகிறது, இரண்டாவதில் நமக்கு வர வேண்டியது வரவில்லை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால், ரசிகர்கள் ஏன் பதினைந்து, இருபது வருடம் ஆகியும் ஒரே காட்சியை வைத்து வாதாடுகிறார்கள் என்பது புரிய ஆரம்பிக்கும்.

டேலஸ், நியூஹார்ட், தி சொப்ரானோஸ், லாஸ்ட் ஆகிய நான்கு அமெரிக்கத் தொடர்களின் முடிவுகளை இங்கே உடைத்துச் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள், பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கனவிலிருந்து தொடங்குவோம். இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் டேலஸ். எண்ணெய்ப் பணத்தில் புரளும் யூவிங் குடும்பத்தின் கதை. அண்ணன் ஜே.ஆர். வில்லன், தம்பி பாபி நல்லவன். பாபியாக நடித்த பேட்ரிக் டஃபி தொடரை விட்டு விலக முடிவுசெய்ததால், 1985 மே மாதம் ஒளிபரப்பான சீசன் கடைசி எபிசோடில் பாபியைக் கொன்றுவிட்டார்கள். தன் முன்னாள் மனைவி பாம் மீது கார் ஏறவந்தபோது அவளைத் தள்ளிவிட்டுக் காப்பாற்றி, அவன் அடிபட்டு, மருத்துவமனையில் குடும்பம் சுற்றி நிற்க உயிர் விடுகிறான். அடுத்த சீசன் முழுக்க, 31 எபிசோடுகள், பாபி இல்லாத டேலஸ். பார்வையாளர்கள் எண்ணிக்கை இறங்கியது. டஃபியைத் திரும்ப வரச் சொல்லிக் கேட்டார்கள், அவரும் சம்மதித்தார். ஆனால் செத்து, அழுது, அடக்கம் செய்த ஆளை எப்படிக் கொண்டுவருவது?

1986 மே 16-ஆம் தேதி எபிசோடின் கடைசிக் காட்சியில் பாம் காலையில் எழுகிறாள். ஷவர் சத்தம் கேட்கிறது. கதவைத் திறக்கிறாள். உள்ளே பாபி குளித்துக்கொண்டே திரும்பி, சாதாரணமாகக் காலை வணக்கம் சொல்கிறான். அவ்வளவுதான். எப்படி என்று தெரியாமல் மக்கள் செப்டம்பர் வரை நான்கு மாதம் காத்திருந்தார்கள். செப்டம்பர் 26 அன்று வந்த விடை: பாபி சாகவே இல்லை, பாம் ஒரு கெட்ட கனவு கண்டாள். முந்தைய சீசன் மொத்தமும் அந்தக் கனவு.

இது தொடரின் முடிவு இல்லை, அதற்கப்புறமும் டேலஸ் 1991 வரை ஓடியது. அதனால்தான் கற்றுக்கொள்ள இது நல்ல உதாரணம். கனவு என்று சொன்னதும் கதையில் என்னென்ன காணாமல் போகிறது என்பதை அடுத்தடுத்த எபிசோடுகளில் கண்ணால் பார்க்க முடிகிறது. உதாரணத்துக்கு ஜே.ஆரின் மனைவி சூ எலன். அந்த அழிந்த சீசனின் தொடக்கத்தில் அவள் குடியில் மூழ்கித் தெருவுக்கே வந்துவிடுகிறாள். பிறகு சிகிச்சை பெற்று, மெல்ல மெல்ல நிமிர்ந்து நிற்கிறாள். பார்த்தவர்கள் வாராவாரம் அவளோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஷவர் கதவு திறந்ததும் அந்த மீட்சி நடக்கவே இல்லை என்றாகிவிட்டது. பாபியை மீட்க, அவனுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருத்தியின் ஒரு வருட வாழ்க்கையை விலையாகக் கொடுத்தார்கள். என் பார்வையில் டேலஸ் செய்த உண்மையான தவறு இதுதான். செத்தவன் திரும்பி வந்ததை ரசிகர்கள் மன்னித்திருப்பார்கள், பலர் சந்தோஷம்தான் பட்டார்கள்.

தர்க்கத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. கனவு என்றால் யாரோ ஒருவருடைய தலைக்குள் நடப்பது. ஆனால் அந்த 31 எபிசோடுகளிலும் பாம் இல்லாத அறைகளில், அவளுக்குத் தெரியாத பேரங்களை ஜே.ஆர். பேசிக்கொண்டிருந்தான். அவள் பார்த்தே இராத இரவுகளில் சூ எலன் குடித்துக்கொண்டிருந்தாள். பல பேருடைய கண் வழியாகச் சொல்லப்பட்ட கதையை, கடைசியில் ஒரே ஆளின் தலைக்குள் அடைக்கும்போது அது கொள்ளாமல் பிதுங்குகிறது. பார்ப்பவர் இதை வார்த்தையாகச் சொல்லாவிட்டாலும் உணர்ந்துவிடுவார். எந்தக் கனவு முடிவையும் சோதிக்க இது எளிய வழி: கனவு கண்டதாகச் சொல்லப்படும் ஆள், அந்தக் கதையின் எல்லாக் காட்சிகளையும் கண்டிருக்க முடியுமா? கதை முழுக்க அந்த ஒரு ஆளின் தோளுக்குப் பின்னாலேயே நின்று சொல்லப்பட்டிருந்தால் கனவு பொருந்தும். ஊரையே சுற்றிக் காட்டியிருந்தால் பொருந்தாது.

இன்னொரு சிக்கலும் வந்தது. நாட்ஸ் லேண்டிங் என்ற தொடர் டேலஸிலிருந்து பிரிந்து வந்தது. அதில் வரும் கேரி, பாபியின் சகோதரன். பாபி இறந்த செய்தி அந்தத் தொடரிலும் வந்தது, அங்கேயும் அழுதார்கள், கேரியின் குழந்தைக்கு பாபி என்றே பெயர் வைத்தார்கள். டேலஸில் எல்லாம் கனவு என்று ஆனபோது நாட்ஸ் லேண்டிங் எழுத்தாளர்கள் தங்கள் கதையை அழிக்கவில்லை. ஆக ஒரு தொடரில் பாபி உயிரோடு இருந்தான், இன்னொன்றில் செத்தவனாகவே இருந்தான். அதுவரை இரண்டு தொடர்களின் பாத்திரங்களும் ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு வந்துபோவது வழக்கம். அந்தப் போக்குவரத்து அதோடு நின்றது.

அப்படியானால் கனவு முடிவு என்றாலே மோசமா? இல்லை. நான்கு வருடம் கழித்து, 1990 மே 21 அன்று, அதே உத்தியை வைத்து நியூஹார்ட் என்ற நகைச்சுவைத் தொடர் முடிந்தது. இன்றும் தொலைக்காட்சியின் சிறந்த முடிவுகளில் ஒன்றாக அதைக் கொண்டாடுகிறார்கள். அதில் நடிகர் பாப் நியூஹார்ட், வெர்மாண்டில் ஒரு சிறு ஊரில் விடுதி நடத்தும் டிக் என்பவராக எட்டு சீசன் வந்தார். ஊரில் அவரைத் தவிர எல்லோரும் விசித்திரமானவர்கள். மூன்று சகோதரர்கள் வருவார்கள், அதில் இரண்டு பேருக்கு ஒரே பெயர். கடைசி எபிசோடில் டிக்கின் தலையில் ஒரு கோல்ஃப் பந்து வந்து அடிக்கிறது. திரை இருள்கிறது. இருட்டில் ஒரு படுக்கையறை, விளக்கு எரிகிறது. படுத்திருப்பவர் டிக் இல்லை. பாப் நியூஹார்ட் 1972 முதல் 1978 வரை நடித்த வேறொரு தொடரின் நாயகன், சிகாகோ மனநல நிபுணர் பாப் ஹார்ட்லி. பக்கத்தில் படுத்திருப்பது அந்தப் பழைய தொடரின் மனைவி எமிலி, அதே நடிகை சூசன் பிளெஷெட். தான் கண்ட விநோதக் கனவை அவர் எமிலியிடம் சொல்ல ஆரம்பிக்கிறார்.

வசனம் வருவதற்கு முன்பே, படுக்கையறை அமைப்பைப் பார்த்ததும் அரங்கில் இருந்தவர்கள் அடையாளம் கண்டு கைதட்டினார்கள். ஏன் யாருக்கும் கோபம் வரவில்லை? முதலில், இது நகைச்சுவை. டிக் எதையும் உயிரைக் கொடுத்துச் சம்பாதிக்கவில்லை, அதனால் இழக்கவும் பெரிதாக இல்லை. இரண்டாவது, மேலே சொன்ன சோதனையில் இது தேறிவிடுகிறது. கதை பெரும்பாலும் டிக்கைச் சுற்றியே நடந்தது, அந்த ஊரின் கிறுக்குத்தனமும் கனவுக்குப் பொருத்தமாகவே இருந்தது. கனவு என்றதும், எட்டு வருட விநோதங்களுக்கும் பின்னோக்கி ஒரு காரணம் கிடைத்தது. மூன்றாவது, இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்: அந்தக் காட்சி எடுத்துக்கொண்டதைவிட அதிகமாகத் திருப்பிக் கொடுத்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு விடைபெற்றுப் போன இரண்டு பேரை மறுபடி பார்க்கக் கிடைத்தது. டேலஸுக்குக் கிடைத்ததும் பிரியமான ஒரு ஆள்தான். ஆனால் அங்கே அதற்குக் கொடுத்த விலை பார்வையாளர்களுடையது.

இனி திறந்த முடிவு. அதற்கு முன் ஒரு சின்னப் பிரிவினை. ஆல்ஃப் என்ற தொடர் 1990-ல், வேற்றுக்கிரகவாசியான நாயகன் ராணுவத்திடம் மாட்டிக்கொள்வதோடு நின்றது. 'தொடரும்' என்றே போட்டார்கள், ஆனால் அடுத்த சீசன் ரத்தானது. இதைத் திறந்த முடிவு என்று சொல்ல முடியாது, இது பாதியில் அறுந்த கதை. எழுதியவர் இங்கேதான் முடிய வேண்டும் என்று தீர்மானித்து, அதற்கென்றே காட்சியைக் கட்டி, பதிலை மட்டும் தராமல் விடுவதுதான் திறந்த முடிவு. அதில் மிக அதிகமாக அலசப்பட்டது 2007 ஜூன் 10 அன்று எச்.பி.ஓ.வில் வந்த தி சொப்ரானோஸ் கடைசிக் காட்சி. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் சண்டை முழுவதும் அந்தச் சில நிமிடங்களின் ஷாட் வரிசைக்குள்தான் இருக்கிறது.

டோனி சொப்ரானோ நியூ ஜெர்சி மாஃபியா தலைவன். கடைசி எபிசோடில் அவனுடைய பரம எதிரி ஃபில் கொல்லப்பட்டுவிட்டான், சண்டை ஓய்ந்ததுபோல் இருக்கிறது. டோனி குடும்பத்தோடு சாப்பிட ஒரு சின்ன உணவகத்துக்கு வருகிறான். மேசையில் உட்கார்ந்து, ஜூக்பாக்ஸில் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்கிறான். கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு மணி ஒலிக்கிறது. மணி ஒலிக்கும், டோனி நிமிர்வான், அடுத்து அவன் கண்ணால் நாம் கதவைப் பார்ப்போம். இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒருமுறை மனைவி கார்மெலா வருகிறாள். தன் ஆட்களில் ஒருவன் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லப்போகிறான் என்று டோனி அவளிடம் சொல்கிறான். பிறகு, பழைய பாணி ஜாக்கெட் போட்ட ஒருவன் வருகிறான், அவனுக்குப் பின்னாலேயே மகன் ஏ.ஜே. அந்த ஆள் கவுண்டரில் உட்கார்ந்து டோனி பக்கம் பார்க்கிறான், கொஞ்ச நேரத்தில் எழுந்து கழிவறைக்குள் போகிறான். வெளியே மகள் மெடோ காரை நிறுத்த முடியாமல் முன்னும் பின்னும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். வெங்காய வளையங்கள் மேசைக்கு வருகின்றன. மெடோ ஒருவழியாகக் காரை நிறுத்திவிட்டுத் தெருவைக் கடந்து ஓடி வருகிறாள். மணி ஒலிக்கிறது. டோனி நிமிர்கிறான். பாட்டு வரியின் நடுவில் அறுபட, திரை கறுப்பாகிறது.

சுமார் பத்து நொடி எதுவுமில்லை, சத்தமும் இல்லை. அப்புறம் பெயர்ப் பட்டியல், அதுவும் இசை இல்லாமல். கேபிள் போய்விட்டது என்று பலர் நினைத்து ரிமோட்டைத் தேடினார்கள்.

டோனி செத்துவிட்டான் என்று சொல்பவர்களிடம் வலுவான சான்று இருக்கிறது. மணி, நிமிர்தல், அவன் பார்வை என்ற மூன்றடி வரிசையை இயக்குநர் நமக்குப் பழக்கிவிட்டார். கடைசி முறை மணி ஒலிக்கிறது, அவன் நிமிர்கிறான், அடுத்து வர வேண்டியது அவன் பார்வை. அந்த இடத்தில் கறுப்பு வருகிறது. அப்படியானால் அந்தக் கறுப்புதான் அவன் பார்வை, அவனுக்கு இனி எதுவும் தெரியவில்லை. இதோடு இன்னொன்றையும் சேர்க்கிறார்கள். அதே சீசனில் ஏரியில் படகில் உட்கார்ந்திருக்கும்போது மைத்துனன் பாபி, தங்களைப் போன்றவர்களுக்குச் சாவு வரும்போது அந்தச் சத்தம்கூடக் காதில் விழாது போல என்று டோனியிடம் சொல்வான். கடைசிக்கு முந்தைய எபிசோடின் இறுதியில் டோனி துப்பாக்கியோடு படுத்திருக்கும்போது அந்தப் படகுக் காட்சி மறுபடி வரும். காரணமில்லாமல் அதை நினைவூட்ட மாட்டார்கள். கழிவறைக்குள் போன ஆளை அப்புறம் காட்டவே இல்லை என்பதும் இவர்கள் கணக்கில் இருக்கிறது.

உயிரோடுதான் இருக்கிறான் என்பவர்கள் இதே காட்சியை வேறு மாதிரி படிக்கிறார்கள். காட்சி முழுக்கவா டோனியின் கண்ணால் சொல்லப்பட்டது? வெளியே மெடோ படும் பாட்டை அவன் பார்க்கவில்லை, நாம்தான் பார்த்தோம். ஜாக்கெட் ஆள் டோனியைப் பார்ப்பதையும் அவன் கவனிக்கவில்லை. ஆக கறுப்பை அவனுடைய பார்வை என்று அடித்துச் சொல்ல முடியாது, அது நம்முடைய பார்வை அறுபடுவதாகவும் இருக்கலாம். கதையிலும் ஃபில் செத்த பிறகு டோனியைக் கொல்ல யாருக்கு உடனடி அவசியம் என்பதற்குப் பதில் இல்லை. முதல் சீசனும் இதே மாதிரி, குடும்பம் ஓர் உணவகத்தில் ஒன்றாக உட்கார்ந்து, இப்படிப்பட்ட நல்ல தருணங்களை நினைவில் வையுங்கள் என்று டோனி சொல்வதோடு முடிந்தது. கடைசிக் காட்சியில் ஏ.ஜே. அந்தப் பேச்சை அப்பாவுக்கே நினைவூட்டுகிறான். அதனால் இதைச் சாவுக் காட்சியாகப் படிக்காமல், முதல் சீசனின் முடிவோடு வட்டம் மூடுவதாகப் படிக்கலாம்.

மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு. செத்தானா இல்லையா என்ற கேள்வியே இங்கே முக்கியமில்லை என்பது அவர்கள் வாதம். அந்தச் சில நிமிடங்கள் நாம் எப்படி இருந்தோம்? கதவு திறக்கும்போதெல்லாம் பதறினோம், கழிவறைக்குள் போன ஆளைச் சந்தேகப்பட்டோம், ஒரு பெண் கார் நிறுத்துவதுகூட நெஞ்சைப் பிசைந்தது. டோனி தினமும் இப்படித்தான் வாழ்கிறான். அன்றிரவு சுடப்படலாம், சாட்சியால் சிறைக்குப் போகலாம், அல்லது இன்னும் இருபது வருடம் இப்படியே கதவைப் பார்த்துக்கொண்டு சாப்பிடலாம். எது நடந்தாலும் அவன் தேர்ந்தெடுத்த வாழ்க்கையின் விலை இதுதான் என்று காட்சி காட்டிவிட்டது.

எனக்கு இதில் மூன்றாவது தரப்போடுதான் ஒட்டுதல். ஆனாலும் முதல் தரப்பின் ஷாட் கணக்கைத் தள்ளிவிட முடியாது. சாவின் நிழலை அந்தக் காட்சிக்குள் வேண்டுமென்றே கொண்டுவந்திருக்கிறார்கள், அது தற்செயல் இல்லை. 'இங்கே ஒன்றுமே இல்லை, ரசிகர்கள் கற்பனை' என்று சொல்பவர்கள் காட்சியைச் சரியாகப் பார்க்கவில்லை.

இப்போது சண்டைக்கு வருவோம். இரண்டு பேர் இந்த முடிவைப் பற்றி மணிக்கணக்கில் மோதும்போது உற்றுக் கேட்டால், இருவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதே இல்லை என்பது தெரியும். ஒருவர் 'என்ன நடந்தது?' என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறார், அவருக்குச் சான்று வேண்டும். இன்னொருவர் 'இப்படி முடித்தது நியாயமா?' என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறார், அவர் பேசுவது எட்டு வருடம் தன் ஞாயிற்றுக்கிழமை இரவுகளைக் கொடுத்ததற்கு என்ன கிடைத்தது என்பதைப் பற்றி. முதலாமவர் பத்துச் சான்று அடுக்கினாலும் இரண்டாமவரின் மனக்குறை தீராது. "டோனி செத்துவிட்டான், இதோ ஆதாரம்" என்றால், "அப்படியென்றால் அதைக் காட்டியிருக்க வேண்டியதுதானே" என்பார். இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்துவிட்டால் பாதி வாதம் அங்கேயே அடங்கிவிடும்.

நியாயமா என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள அளவுகோல் இது. மீதி விடப்பட்ட கேள்வி, தொடரே ஆரம்பத்திலிருந்து கேட்டுவந்த கேள்வியாக இருக்க வேண்டும். அதோடு, பாத்திரத்தைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். டோனி மாறுவானா என்பதுதான் அந்தத் தொடரின் பெரிய கேள்வி. அவன் வருடக்கணக்காக மனநல மருத்துவரிடம் போனதே அதற்காக. அந்தக் கேள்விக்குக் கடைசிக் காட்சிக்கு முன்பே பதில் வந்துவிட்டது: மாட்டான், அந்த மருத்துவரே அவனைக் கைவிட்டுவிட்டாள். பாக்கி இருந்தது அவன் எப்போது, எப்படிப் போவான் என்ற ஒன்று மட்டும். அதை மட்டும்தான் மறைத்தார்கள். இதுவே ஒரு கொலை மர்மத் தொடர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொலையாளி யார் என்று பத்து எபிசோடு ஓடவிட்டு, கடைசியில் சொல்லாமல் கறுப்புத் திரை போட்டால் அது அநியாயம்தான். அங்கே கதை தருவதாக ஒப்புக்கொண்டதே அந்தப் பதில் ஒன்றைத்தான்.

இந்தத் தொடரில் கனவுகளுக்கும் குறைவில்லை. ஐந்தாவது சீசனில் ஒரு எபிசோடின் பெரும்பகுதி டோனியின் கனவு. ஆறாவது சீசனில் அவன் சுடப்பட்டு மயக்கத்தில் கிடக்கும்போது வேறொரு ஆளாக வாழும் நீண்ட காட்சிகள் வரும். பிடிக்காதவர்கள் அலுத்துக்கொண்டது உண்டு, ஆனால் ஏமாற்றிவிட்டார்கள் என்று யாரும் டேலஸ் அளவுக்குக் கொதிக்கவில்லை. காரணம், அவன் விழித்த பிறகும் முன்னால் நடந்த எதுவும் அழியவில்லை. கனவில் பார்த்தது அவனோடு சேர்ந்து விழித்து, அடுத்த நாள் அவனை உறுத்தியது. கனவு கதைக்குள் ஒரு சம்பவமாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை, அது கதையையே மூடும் மூடியாக மாறும்போதுதான் வம்பு.

எழுதி இயக்கிய டேவிட் சேஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் போயிற்று என்று தோன்றலாம். பல வருடங்களாகக் கேட்டார்கள். 2021-ல் ஒரு பேட்டியில், டோனி ஒரு கூட்டத்துக்குக் காரில் போய் அங்கே கொல்லப்படுவதாக முதலில் நினைத்திருந்ததாகவும், பிறகு அதை மாற்றி உணவகக் காட்சியை வைத்ததாகவும் சொன்னார். 'பார், செத்துவிட்டான் என்று அவரே ஒப்புக்கொண்டார்' என்று ஒரே ஆரவாரம். நிதானமாகப் படித்தால், அவர் எழுதாமல் விட்ட காட்சியைப் பற்றித்தான் அந்தப் பேச்சு. ஒரு சாவுக் காட்சியை யோசித்து, அதை வேண்டாம் என்று விலக்கி, அந்த இடத்தில் கறுப்புத் திரையை வைத்தவர் வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார். அவர் பேச்சு அவருடைய நோக்கத்தைச் சொல்லும். திரையில் இருப்பதை அதற்கப்புறம் மாற்ற அவராலும் முடியாது.

கடைசியாக லாஸ்ட். கனவு முடிவா, திறந்த முடிவா என்று பார்ப்பவர்களே குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. விமான விபத்தில் தப்பி ஒரு தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதை, 2010 மே 23 அன்று முடிந்தது. ஆறாவது சீசனில் தீவுக் கதைக்கு இணையாக, விமானம் விழாமல் தரையிறங்கியதுபோல இன்னொரு வாழ்க்கையும் காட்டப்பட்டது. கடைசி எபிசோடில், அந்த இணை வாழ்க்கைதான் எல்லோரும் இறந்த பிறகு ஒன்றுகூடும் இடம் என்று தெரியவருகிறது. உடனே ஒரு பெருங்கூட்டம், 'ஆக முதல் எபிசோடிலேயே எல்லோரும் செத்துவிட்டார்கள், தீவே பொய்' என்று முடிவுகட்டியது. இன்றும் பலர் லாஸ்ட் என்றால் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அந்த எபிசோடிலேயே நாயகன் ஜாக்கின் அப்பா மகனிடம் விளக்கிவிடுகிறார்: உனக்கு நடந்ததெல்லாம் நிஜம், இங்கே இருப்பவர்களில் சிலர் உனக்கு முன்பு இறந்தார்கள், சிலர் உனக்கு வெகுகாலம் கழித்து. தீவு நிஜம், அங்கே செய்த தியாகமும் நிஜம். டேலஸ் செய்ததற்கு நேர் எதிராக, நடந்தது எதையும் இந்த முடிவு அழிக்கவில்லை.

பிறகு ஏன் தப்பாகப் புரிந்தது? ஒரு காரணம், இறந்தவர்கள் எல்லோரும் ஒன்றுகூடும் தேவாலயக் காட்சியின் உணர்ச்சியில் அந்த வசனம் பலர் காதில் தங்கவில்லை. இன்னொரு காரணம் கதைக்கு வெளியே இருந்து வந்தது. பெயர்ப் பட்டியல் ஓடும்போது, கடற்கரையில் ஆளரவமில்லாமல் கிடக்கும் விமானச் சிதைவுகளின் படங்களை ஒளிபரப்பிய சேனல் சேர்த்திருந்தது. கனமான முடிவுக்கும் அடுத்த நிகழ்ச்சிக்கும் நடுவில் கொஞ்சம் மூச்சு விட இடம் தருவதற்காகப் போட்ட படங்கள் அவை. ஆனால் ஆறு வருடமாகத் திரையில் வரும் ஒவ்வொரு துணுக்கிலும் தடயம் தேடப் பழகிய ரசிகர்கள் அதையும் தடயமாகவே படித்தார்கள்: சிதைவு இருக்கிறது, மனிதர்கள் இல்லை, அப்படியென்றால் யாரும் பிழைக்கவில்லை. அந்தப் படங்கள் கதையின் பகுதி இல்லை என்று பின்னால் விளக்கம் வந்தும், அன்றிரவு பதிந்தது பதிந்ததுதான்.